வாடகை போஸ்ட்: ரெண்டு வரில போடலாமா, முழுசா போடலாமா?

மடிப்பாக்கத்துல எங்க ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்ட வாடகைக்கு விட ஏரியா குரூப்ல போஸ்ட் போடணும். "டூ பெட்ரூம், ஃபேமிலி ஒன்லி, விவரத்துக்கு கால் பண்ணவும்"னு ரெண்டு வரில முடிக்கலாம், இல்லன்னா எல்லாத்தையும் எழுதலாம். நான் முழுசா எழுதுற பக்கம்தான்.

ரெண்டு வரி போஸ்ட்ட நிமிஷத்துல போட்டுடலாம், நிறைய பேர் கூப்பிடுவாங்க, வாடகைய ஆளப் பார்த்து பேசிக்கலாம். உடனே ஆள் வேணும்னா அது ஓடும். ஆனா ஒவ்வொரு கால்லயும் "மெயின்டனன்ஸ் தனியா? அட்வான்ஸ் எவ்ளோ?"னு அதே கேள்விதான் வரும்.

நான் போட்டது இப்படி: வாடகை 18,000, மெயின்டனன்ஸ் 2,500 தனி, கோடைல லாரி தண்ணி வாங்கினா அந்தப் பங்கு அதுக்கு மேல. அட்வான்ஸ் 54,000, அதாவது மூணு மாச வாடகை (2017 வாடகைச் சட்டமும், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா மூணு மாசத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னுதான் சொல்லுது). காலி பண்றப்போ பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை கழிப்போம். ரூல்ஸ்ல பைக் பார்க்கிங் ஒண்ணுதான் இருக்கு, கார் தெருவுலதான், நாய் பூனை வளர்க்கலாம், சுவத்துல புதுசா ஆணி அடிக்கணும்னா கேட்டுட்டு அடிங்கன்னு எழுதினேன்.

போட்டோலதான் முக்கியமான விஷயமே இருக்கு. வைட் ஆங்கிள்ல எடுத்தா ஹால் கல்யாண மண்டபம் மாதிரி தெரியும், அதனால சாதா லென்ஸ்ல எடுத்து கீழ "ஹால் 10க்கு 14 அடி"ன்னு போட்டேன். கிச்சனுக்கு "ஜன்னலுக்கு எதிர்ல பக்கத்து பில்டிங் சுவர், பகல்லயே லைட் போடணும்". பின் பெட்ரூமுக்கு "மேற்கு சுவர்ல மழைக்காலத்துல ஓதம் ஏறும், இடது மூலைல தெரியுற கறை அதுதான்". பாத்ரூமுக்கு "கமோடு பக்கத்துல ஒரு டைல்ஸ் விரிசல், முன்னாடியே இருக்கு".

குறைய நாமளே சொன்னா யாரும் வர மாட்டாங்கன்னு பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க. வர்ற ஆள் குறையும்தான், ஆனா வீடு பார்க்க வந்து மூஞ்ச சுளிச்சுட்டுப் போற ஆள்தான் குறையும்.

அத விட பெரிய விஷயம் காலி பண்றப்போ வருது. அட்வான்ஸ திருப்பித் தர்றப்போ நடக்குற சண்டையில முக்கால்வாசி "இந்த விரிசல் நீங்க பண்ணது", "இல்ல, வரும்போதே இருந்துச்சு"தான், ரெண்டு பேர்கிட்டயும் எழுத்துல ஒண்ணும் இருக்காது. தேதியோட போஸ்ட் இருந்தா அந்த டைல்ஸுக்கு நான் காசு கழிக்க முடியாது, புதுசா உடைஞ்சத அவங்களும் மறுக்க முடியாது. அதுக்காக போஸ்ட்ட மட்டும் நம்பி விட்டுடாதீங்க, பின்னாடி குரூப்ல யாராவது டெலீட் பண்ணிடலாம், அதே போட்டோ, அதே வரிய சாவி குடுக்குற அன்னைக்கு வாடகைக்கு வர்றவங்களுக்கு தனியா அனுப்பி "சரி"ன்னு பதில் வாங்கிக்கோங்க, அக்ரிமென்ட்லயும் ஒரு வரி சேர்த்துடுங்க.

பேச்சிலர்ஸுக்கு நான் விட்டதில்ல, அவங்களுக்கு ரூல்ஸ் எவ்ளோ விவரமா எழுதணும்னு விட்டவங்க சொன்னாதான் சரியா இருக்கும்.