கிளிப்பிங் மாஸ்க், லேயர் மாஸ்க்: கல்யாண ஆல்பம் வேலையில ரெண்டையும் பல வருஷம் ஓட்டிப் பாத்ததுல தெரிஞ்சது

நான் ஆல்பம் டிசைன் பண்றவன். போட்டோஷாப்ல தினம் தினம் போட்டோவோட ஏதோ ஒரு பகுதிய மறைக்கிறதுதான் பாதி வேலை. ஆரம்பத்துல ரொம்ப நாள் எல்லாத்துக்கும் லேயர் மாஸ்க்தான் போட்டுட்டு இருந்தேன், ஏன்னா முதல்ல கத்துக்கிட்டது அதுதான். ஸ்க்ரீன்ல பாக்கும்போது ரெண்டும் ஒரே மாதிரிதான தெரியுது, அப்புறம் எதுக்கு ரெண்டுன்னு நினைச்சேன். வித்தியாசம் புரிஞ்சது பார்ட்டி கரெக்‌ஷன் சொல்ல ஆரம்பிச்சப்பதான்.

12க்கு 36 இன்ச் ஸ்ப்ரெட், 300 டிபிஐ, அதாவது 10800க்கு 3600 பிக்சல். அதுல ஓரம் வளைஞ்ச அஞ்சு கட்டத்துக்குள்ள அஞ்சு போட்டோ. ஒவ்வொரு போட்டோவுக்கும் கட்டம் அளவுக்கு செலக்‌ஷன் எடுத்து லேயர் மாஸ்க் போட்டு, மேல ஸ்ட்ரோக், நிழல் எல்லாம் குடுத்து முடிச்சிட்டேன். ராத்திரி போன் வருது, மூணாவது கட்டத்துல அத்தை கண்ண மூடியிருக்காங்க வேற போட்டோ வைங்கன்னு. புதுப் போட்டோவக் கொண்டு வந்தா அதுக்கு மாஸ்க்கே இல்ல, ஏன்னா மாஸ்க் பழைய போட்டோ லேயரோட ஒட்டிக்கிட்டு இருக்கு. Alt புடிச்சு மாஸ்க் தம்ப்நெயில இழுத்து புது லேயர்ல விட்டேன், அதே மாதிரி fxஐயும் இழுத்து விட்டேன், சரி வந்திடுச்சு. ஆனா முகம் நடுவுல வரலையேன்னு போட்டோவ கொஞ்சம் தள்ளுனா கட்டமும் சேந்து நகருது. போட்டோவுக்கும் மாஸ்க்குக்கும் நடுவுல இருக்க சங்கிலி ஐக்கான க்ளிக் பண்ணி எடுத்துட்டு தள்ளணும், அத மறந்துட்டேன். மூணாவது கட்டம் மட்டும் மத்த நாலோட வரிசைய விட்டு எட்டு பத்து பிக்சல் கீழ இறங்கிடுச்சு. ஸ்க்ரீன்ல முழு ஸ்ப்ரெட்டையும் சின்னதா வச்சுப் பாக்கும்போது கண்ணுக்கே தெரியல, பிரிண்ட்ல வரிசை கோணலா இருந்தது பளிச்சுன்னு தெரிஞ்சுது.

அன்னைக்குதான் புரிஞ்சது. லேயர் மாஸ்க்ல எது மறையணும்ங்கற விஷயம் அந்தப் போட்டோவோட சொந்தம். கிளிப்பிங் மாஸ்க்ல அது கீழ இருக்க வேற ஒரு லேயரோட சொந்தம், மேல இருக்க போட்டோ அந்த லேயர்ல பெயின்ட் இருக்க இடத்துல மட்டும் தெரியும், காலியா இருக்க இடத்துல மறைஞ்சிடும். அதனால இப்ப நான் கேட்டுக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், நாளைக்கு இந்தப் போட்டோ மாறுனா இந்த வடிவம் அப்படியே நிக்கணுமா, இல்ல போட்டோ எங்க போனாலும் மறைச்சதும் கூடவே போகணுமா?

கட்டம்னா வடிவம் நிக்கணும். இப்ப கட்டத்த ஷேப் லேயரா வரையறேன், ஸ்ட்ரோக்கையும் (Outsideதான் வைப்பேன்) நிழலையும் அந்தக் கட்டத்துக்கே குடுக்கறேன், அதுக்கு நேர் மேல போட்டோவ வச்சு Ctrl+Alt+G. போட்டோ லேயர் கொஞ்சம் உள்ள தள்ளி பக்கத்துல கீழ்நோக்கி அம்புக்குறி வரும், கீழ கட்டத்தோட பேருக்கு அடிக்கோடு விழும், அது ரெண்டையும் பாத்தா கிளிப் ஆயிடுச்சுன்னு அர்த்தம். அத்தை போட்டோ மாத்தணுமா, புதுசக் கொண்டு வந்து பழசுக்கு மேல வச்சு கிளிப் பண்ணிட்டு பழசோட கண்ண அணைச்சா போதும், கட்டமும் நிழலும் தொட்ட மாதிரியே இருக்காது. போட்டோவ எவ்வளவு வேணா தள்ளலாம் பெருசாக்கலாம், வரிசை கலையாது.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், போட்டோ கட்டத்த முழுசா மூடலைன்னா மூடாத இடத்துல கீழ இருக்க கட்டத்தோட கலர் எட்டிப் பாக்கும். நான் கட்டத்துக்கு வேணும்னே நல்ல ரோஸ் கலர் குடுத்து வைப்பேன். வெள்ளைப் பக்கத்துல வெள்ளைக் கட்டம் இருந்தா ரெண்டு பிக்சல் இடைவெளி விழுந்தாலும் தெரியாது, ரோஸ்னா உடனே கண்ணுல குத்தும்.

ஆனா பொண்ணு மாப்பிள்ளைய கட் பண்ணி வேற பேக்ரவுண்ட்ல வைக்கிற வேலைக்கு கிளிப்பிங் மாஸ்க் சரிப்படாது. பொண்ணோட தலைமுடி, தலைல வச்ச பூ, இதெல்லாம் அந்த ஒரு போட்டோவுக்கு மட்டும் உள்ள வடிவம், வேற போட்டோவுக்கு அது உதவவே உதவாது. போட்டோவப் பெருசாக்குனா மாஸ்க்கும் சேந்து பெருசாகணும், அதனால சங்கிலி போட்டே இருக்கட்டும். Select and Mask உள்ள போய் முடிய ஓரளவு எடுத்துட்டு, அவுட்புட்ட லேயர் மாஸ்க்கா வாங்கி, மிச்சத்த சாஃப்ட் ப்ரஷ்ல கையால சரி பண்ணுவேன். மாஸ்க்ல கருப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் பாதி மறைக்கும்.

அந்த சாம்பல்தான் தொந்தரவு. ப்ரஷ் ஒபாசிட்டி 90ல இருக்கறது தெரியாம பேக்ரவுண்ட தேய்ச்சிட்டுப் போவோம், பத்து பர்சன்ட் மண்டபத்து தூண் பேய் மாதிரி அங்கயே மிச்சம் நிக்கும். ஸ்க்ரீன்ல மங்கலா இருக்கறதால தப்பிச்சிடும், பிரிண்ட்ல அழுக்கு மாதிரி விழும். முடிச்சதும் Alt புடிச்சு மாஸ்க் தம்ப்நெயில ஒரு தடவ க்ளிக் பண்ணுங்க, மாஸ்க் மட்டும் கருப்பு வெள்ளையா முழு ஸ்க்ரீன்ல வரும், விட்டுப்போன சாம்பல் திட்டெல்லாம் அப்பட்டமா தெரியும். அந்த இடத்த லாஸோல சுத்திட்டு Ctrl+L அடிச்சு கருப்பு ஸ்லைடர கொஞ்சம் உள்ள இழுத்தா சாம்பல் கருப்பாயிடும். முடிப் பக்கம் மட்டும் இதப் பண்ணாதீங்க, அங்க இருக்க சாம்பல்தான் முடிய முடி மாதிரி காட்டுது.

ரெண்டையும் சேத்து போடறப்பதான் எனக்கு ரொம்ப திருப்தி. மண்டபத்து மஞ்ச லைட்ல எடுத்த ஜோடிய மாஸ்க் போட்டு நீல வானத்துக்கு முன்னாடி வச்சிருக்கோம்னு வைங்க, மஞ்சளக் குறைக்க மேல ஒரு Color Balance போட்டா வானமும் சேந்து மாறிடும். முன்னாடி என்ன பண்ணுவேன்னா ஜோடியோட மாஸ்க்க காப்பி எடுத்து Color Balance லேயர்லயும் போடுவேன். அப்புறம் ஜோடியோட மாஸ்க்ல முடிய கொஞ்சம் சரி பண்ணுனா காப்பி மாஸ்க் பழசாவே நிக்கும், புதுசா தெரிய வந்த முடி மட்டும் மஞ்சளாவே இருக்கும். முடி ஓரத்துல இப்படி கலர் மாறி ஒரு வளையம் தெரிஞ்சா காரணம் இதுவா இருக்கலாம். இப்ப காப்பியே எடுக்கறதில்ல, Color Balanceஅ ஜோடி லேயர் மேல கிளிப் பண்ணிடறேன். கிளிப்பிங், கீழ இருக்க லேயரோட மாஸ்க்கையும் கணக்குல எடுத்துக்கும், அதனால மாஸ்க்க எப்ப திருத்துனாலும் கலர் அதுவா கூடவே வந்திடும். ஒரே ஜோடி மேல Curves, Color Balance, நிழல் பெயின்ட் பண்ண ஒரு காலி லேயர்னு எத்தனை வேணா வரிசையா கிளிப் பண்ணலாம், நடுவுல கிளிப் ஆகாத லேயர் வராம இருந்தா போதும்.

புதுசா வர பசங்க எங்கிட்ட அடிக்கடி கேக்கறது, அண்ணா கிளிப் பண்ணேன் ஆனா எதுவுமே மறையலயேன்னு. கீழ இருக்கறது பூட்டு போட்ட Background லேயரான்னு பாருங்க. அது முழுசும் பெயின்ட் நிறைஞ்ச லேயர், காலி இடமே கிடையாது, அப்ப மேல இருக்கறது எல்லாம் தெரியத்தான் செய்யும். இல்லஸ்ட்ரேட்டர்ல பழகுனவங்களுக்கு இன்னொரு குழப்பம், அங்க Ctrl+7 போடும்போது வடிவம் மேல இருக்கணும் போட்டோ கீழ இருக்கணும், போட்டோஷாப்ல அப்படியே தலைகீழ், வடிவம் கீழ போட்டோ மேல. கட்டத்த போட்டோவுக்கு மேல வச்சுட்டு Ctrl+Alt+G அடிச்சா கட்டம் போய் போட்டோவுக்குள்ள கிளிப் ஆகி போட்டோ மேல ஒரு ரோஸ் பெட்டியா நிக்கும், பாத்த உடனே லேயர் வரிசைய மாத்திடுங்க.