பிரஸ் கிட் செஞ்சு தர்றோம்னு வர்ற ஏஜென்சிகிட்ட பாக்கிப் பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி ஃபைலைத் திறந்து பாருங்க

சேலம் ஏரியாவுல புதுசா ஸ்டார்ட்அப் ஆரம்பிச்சவங்க கவனத்துக்கு. "மீடியா அண்ட் அவார்ட்ஸ் பேஜ், டவுன்லோட் வசதியோட பிரஸ் கிட், எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்"னு ஒரு டிசைன் ஏஜென்சி வந்தா, எங்களுக்கு நடந்ததைப் படிச்சுட்டு அப்புறம் பேசுங்க. பிரஸ் கிட்னா, பத்திரிகைக்காரங்க எடுத்துப் போட்டுக்கறதுக்காக நம்ம படம், லோகோ எல்லாம் சேர்த்து வெக்கற ஃபைல். பேரைப் போடப் போறதில்ல. பேரைவிட அவங்க வேலை செஞ்ச விதம் தெரிஞ்சாப் போதும். இதே மாதிரி செய்யறவங்க இன்னும் இருக்காங்க.

நானும் ஒரு நண்பரும் ஏற்காட்டு காபியையும் மிளகையும் நேரா விக்கறோம். பேஜ் பார்க்க அருமையாத்தான் வந்துச்சு. மேல பனி மூடின மலை, கீழ வரிசையா பத்திரிகை லோகோ, அதுக்கும் கீழ தங்கக் கலர்ல அவார்ட் பேட்ஜ், கடைசியில பெருசா ஒரு டவுன்லோட் பட்டன். முக்கால்வாசிப் பணம் அப்பவே போயிடுச்சு.

அப்புறம் ஒரு மாதப் பத்திரிகையில இருந்து நிருபர் ஒருத்தங்க சேர்வராயன் மலைக் காபி பத்தி எழுதறதா பேசினாங்க. போட்டோ எல்லாம் பேஜ்லயே இருக்கும்னு சொல்லியிருந்தோம். லேஅவுட் முடியற நாள் சாயங்காலம் போன் வந்துச்சு. "சார், உங்க பிரஸ் கிட் திறக்க மாட்டேங்குது. பர்மிஷன் கேட்குது. நாளைக்குக் காலையில பக்கம் பிரிண்டுக்குப் போயிடும்."

டவுன்லோட் பட்டனுக்குப் பின்னாடி இருந்தது எங்க சைட்ல இருக்கற ஃபைல் இல்ல, ஒரு கூகுள் டிரைவ் லிங்க். அதுவும் ஏஜென்சியோட அக்கவுண்ட் கூட இல்ல, அங்க வேலை பார்த்த டிசைனர் பையனோட சொந்த ஜிமெயில். போன் பண்ணினா, "அந்தப் பையன் வேலைய விட்டுப் போயிட்டான்ங்கண்ணா, பேசிப் பார்க்கறேன்"னு பதில். ஏஜென்சி ஆபீஸ் அக்கவுண்டுக்கும் எங்க அக்கவுண்டுக்கும் அந்த லிங்கைத் திறக்க முன்னாடியே பர்மிஷன் கொடுத்திருந்ததால எங்க எல்லாருக்கும் பட்டன் சரியா வேலை செஞ்சுட்டு இருந்துச்சு. வெளியாளுக்கு மட்டும் கதவு பூட்டு. இதைக் கண்டுபிடிக்க அரை நிமிஷம் போதும்: பிரவுசர்ல இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து, எதுலயும் லாகின் ஆகாம பட்டனை அமுக்குங்க. லிங்க் உங்க டொமைன் பேர்ல ஆரம்பிக்குதா, drive.google.com-னு ஆரம்பிக்குதான்னும் பாருங்க.

ராத்திரி எப்படியோ ஜிப் கிடைச்சு அனுப்பினோம். அடுத்த சிக்கல் உள்ளே இருந்துச்சு. போட்டோ எல்லாம் 1280 பிக்சல் அகலம்தான். நல்ல தாள்ல அடிக்கற பத்திரிகைக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேணும். கணக்குப் போட்டா நாலே கால் அங்குலம். அவங்களுக்குப் பக்கத்தோட முழு அகலம், எட்டு அங்குலம், அதாவது 2400 பிக்சலாவது தேவை. பையன் போட்டோகிராபர்கிட்ட இருந்து வாட்ஸ்அப்ல சாதாரணமா வாங்கின படங்களை அப்படியே ஜிப் பண்ணியிருக்கான். அப்படி அனுப்பினா வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். சுருங்கினதை மறுபடி பெருசாக்கினா மங்கல்தான் மிச்சம்.

பத்திரிகை என்ன பண்ணும்? கையில இருந்த வேற ஒரு காபிப் படத்தைப் போட்டுட்டாங்க. காய் நெருக்கமா, கொத்துக் கொத்தா அப்பியிருந்த ரோபஸ்டா செடி. எங்களுது அரபிகா. மலையில இருக்கற ஒவ்வொருத்தரும் போன் பண்ணி கேட்டாங்க. அறுவடைப் படத்தைத் திரும்ப எடுக்கலாம்னா, பழம் சிவக்கறது கார்த்திகை, மார்கழி, தைல. விட்டா அடுத்த வருஷம்தான்.

லோகோ விஷயம் இன்னும் மோசம். அதைக் கண்டுபிடிச்சது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருக்கற ஆஃப்செட் பிரஸ்ல டிடிபி பார்க்கற அண்ணன். சணல் பையில அடிக்க logo.svg கொடுத்தோம். கோரல் டிராவுல திறந்து பெருசாக்கினார், ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி உடைஞ்சுது. "இது வெக்டார் இல்லைங்க தம்பி, உள்ள போட்டோவ வெச்சு மூடியிருக்காங்க"ன்னார். நோட்பேட்ல அந்த ஃபைலைத் திறந்தா இப்படி இருந்துச்சு:

```
<svg width="400" height="400">
<image href="data:image/png;base64,iVBORw0KGgo...
```

நிஜமான வெக்டார் லோகோன்னா அங்க `<path d="M12 4...` மாதிரி கோடுகளோட கணக்கு இருக்கும். `<image` இருந்து, பக்கத்துல `base64` வந்து, பின்னாடி எழுத்துக் குப்பை பக்கம் பக்கமா ஓடுச்சுன்னா, அது பிஎன்ஜி படத்துக்கு எஸ்விஜி சட்டை போட்டது. எக்ஸ்டென்ஷனை மட்டும் பார்த்து நம்பாதீங்க.

கேட்டதுக்கு ஏஜென்சி சொன்னது: "சோர்ஸ் ஃபைல் வேணும்னா தனி சார்ஜ்ங்கண்ணா." இங்க ஒரு சட்ட நுணுக்கம் இருக்கு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, எடுக்கச் சொன்னவங்கதான் உரிமையாளர்னு 1957 பதிப்புரிமைச் சட்டம் சொல்லுது. லோகோ, பேஜ் டிசைன், கோட் இதுக்கெல்லாம் அதே பாதுகாப்பு இருக்குன்னு நம்பிட முடியாது. உரிமை மாத்தறது எழுத்துல இருக்கணும், கையெழுத்தோட. கொட்டேஷன்ல "எல்லா சோர்ஸ் ஃபைலும் உரிமையும் வாடிக்கையாளருக்கு"ன்னு ஒரு வரி கேட்டு வாங்குங்க. போட்டோகிராபரை ஏஜென்சி கூட்டிட்டு வந்தா அவர் பேரும் அதுல வரணும்.

இனி அந்தப் பத்திரிகை லோகோ வரிசை. நிருபரே கேட்டாங்க, "சார், இது நியூஸ் இல்லையே, பெய்ட் ரிலீஸ்தானே?" ஏஜென்சி ஒரு செய்தி விநியோக சர்வீஸுக்குக் காசு கட்டி ஒரே கட்டுரையைப் பல தளங்கள்ல ஏத்தியிருக்கு. எழுதினவர் பேர் கிடையாது, கடைசியில பொடி எழுத்துல "இதற்கு ஆசிரியர் குழு பொறுப்பல்ல"ங்கற மாதிரி ஒரு குறிப்பு. கட்டுரையில ஒரு வரியை மேற்கோள் குறிக்குள்ள போட்டு கூகுள்ல தேடினா ஒரே வாசகம் வரிசையா வந்து விழுது. நிருபர் கண்ணுக்கு இது ஒரு பார்வையில தெரியும். அதுக்கப்புறம் பேஜ்ல இருக்கற நிஜமான செய்தியையும் நம்ப மாட்டாங்க.

அவார்ட் பகுதியைப் பார்த்து சிரிக்கறதா அழறதான்னு தெரியல. ஒரு காலேஜ் போட்டியில நாங்க கடைசிச் சுற்று வரைக்கும் போனோம், ஜெயிக்கல. பேட்ஜ்ல "வின்னர்". மத்திய அரசோட டிபிஐஐடி ஸ்டார்ட்அப் அங்கீகாரம் ஒரு அவார்டாம். அது விண்ணப்பிச்சு வாங்கற சான்றிதழ். எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸும் ஒரு அவார்டாம்! அந்த லைசென்ஸோ பதிவோ இல்லாம காபித்தூளே விக்கக்கூடாது. தப்பான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம். அந்த நோட்டீஸ் முதல்ல நம்ம வாசலுக்குத்தான் வரும். இதைச் சொன்னதுக்கு, "எல்லாரும் இப்படித்தாங்கண்ணா போடறாங்க."

பாக்கிப் பணத்தை நிறுத்திட்டோம். தப்பான பேட்ஜையும் லோகோ வரிசையையும் எடுக்கச் சொல்லி மெயில் அனுப்பினோம், வாய்ப்பேச்சு வேண்டாம்னு. பதில் வரல. எங்க டொமைன் லாகின் எங்ககிட்டயே இருந்ததால நாங்களே பேஜைக் கழட்டினோம். போட்டோகிராபரைத் தேடிப் பிடிச்சோம். அவருக்கும் ஏஜென்சி பாக்கி வெச்சிருக்கு. ஹார்ட் டிஸ்க்ல முழு அளவுப் படங்கள் பத்திரமா இருந்துச்சு, அவர் பாக்கியை நாங்க கொடுத்து வாங்கிட்டோம். லோகோவை அதே டிடிபி அண்ணன் கோடு கோடா வரைஞ்சு கொடுத்தார்.

இப்ப பேஜ்ல மலையும் இல்ல, தங்கமும் இல்ல. வந்த செய்திக்கு பத்திரிகைப் பேர், தேதி, தலைப்பு, லிங்க். போட்டிக்கு "இறுதிச் சுற்று"ன்னு உள்ளது உள்ளபடி. படங்கள் தனித்தனியாவும் ஜிப்பாவும் எங்க சர்வர்லயே இருக்கு, போன்ல இருந்து ஒரு படம் மட்டும் வேணும்ங்கற நிருபருக்காக. ஒவ்வொண்ணுக்கும் எந்தத் தோட்டம், எந்த மாசம், எடுத்தவர் யார்னு ஒரு வரி. கீழ போன் நம்பர், ராத்திரியும் எடுக்கறது.

அந்த ஏஜென்சி சைட்ல "எங்கள் வாடிக்கையாளர்கள்"ங்கற இடத்துல எங்க லோகோ இன்னும் இருக்கு. அதே 400 பிக்சல்.