நேரடி வெற்றியா, நிகர ஓட்ட விகிதமா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் ஒட்டுக்கடை மேசையில் 2019 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தின்போது எழுந்த கேள்வி இது: நியூசிலாந்தும் பாகிஸ்தானும் தலா 5 வெற்றிகளுடன் 11 புள்ளிகள் பெற்றிருக்க, நியூசிலாந்தைத் தோற்கடித்த பாகிஸ்தான் ஏன் வெளியேறியது?

நேரடி வெற்றியைப் பார்த்திருந்தால் பாகிஸ்தானே அரையிறுதிக்குச் சென்றிருக்கும். ஆனால் விதிப்படி நிகர ஓட்ட விகிதமே முன்னதாகக் கணக்கிடப்பட்டது. தொடர் முழுவதும் ஓர் அணி ஓவருக்கு எடுத்த சராசரி ஓட்டங்களிலிருந்து, அது விட்டுக்கொடுத்த சராசரியைக் கழித்தால் கிடைப்பதே அந்த விகிதம்.

பாகிஸ்தானை வீழ்த்தியது முதல் ஆட்டமே. மேற்கிந்தியத் தீவுகளிடம் அது 21.4 ஓவரில் 105 ஓட்டங்களுக்குச் சுருண்டது. எல்லா விக்கெட்டுகளும் விழுந்தால் முழு 50 ஓவர்களும் ஆடியதாகவே கொள்வார்கள் என்பதால், அதன் சராசரி 2.1 மட்டுமே. எதிரணியோ 13.4 ஓவரில் 108 எடுத்து, ஓவருக்கு ஏறக்குறைய 7.9 பெற்றது. இந்தப் பள்ளத்தைப் பின்னர் வந்த வெற்றிகள் நிரப்பவில்லை.

இரண்டு அணிகள் மட்டும் சமமானால் நேரடி வெற்றியே நியாயம் என்பது என் கருத்து. மூன்று அணிகள் ஒன்றையொன்று வென்றிருந்தாலோ, மழையால் ஆட்டம் நின்றிருந்தாலோ அது உதவாது. நிகர ஓட்ட விகிதம் பார்க்கப்பட்டதால்தான், கடைசி ஆட்டத்தில் 315 ஓட்டங்கள் குவித்த பாகிஸ்தான், தகுதி பெற வங்காளதேசத்தை 7 ஓட்டங்களுக்குள் சுருட்ட வேண்டியிருந்தது.