ஒரே பாக்கிக்கு இரண்டு தவணைக் கடிதங்கள்

கோவையில் பற்சக்கரங்கள் செய்துதரும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஜூன் 2 அன்று அது எழுதிய இன்வாய்ஸின் தொகை 3,00,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 54,000 சேர்த்து 3,54,000. கெடு 45 நாள், அதாவது ஜூலை 17. கெடுவுக்கு ஒரு வாரம் முன்னதாக, முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கொடுக்க இயலாது என்று வாடிக்கையாளர் தெரிவிக்கிறார். பட்டறை உரிமையாளர் அவருக்கு எழுதக்கூடிய இரண்டு கடிதங்களை இங்கே ஒப்பிடுகிறேன்.

முதல் கடிதம் பெரும்பாலானோர் எழுதுவது. ஜூலை 17 முதல் டிசம்பர் 17 வரை மாதம் 59,000 வீதம் ஆறு சமத் தவணைகள் என்பதோடு அது முடிந்துவிடும். பணிவாகவும் இருக்கும், வாடிக்கையாளரும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வார். ஆனால் மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் பட்டறை, பணம் வந்தாலும் வராவிட்டாலும், ஜூன் மாத விற்பனைக்கான 54,000 ரூபாய் வரியை ஜூலை 20க்குள் கட்டியாக வேண்டும். முதல் தவணையாக வரும் 59,000இல் 54,000 வரிக்குப் போய்விட, இரும்புக்கும் கூலிக்கும் செலவழித்த பணத்தில் ஆகஸ்ட் 17 வரை 5,000 ரூபாய்தான் திரும்பியிருக்கும்.

இதைவிடக் கவனிக்கப்படாத சிக்கல் கடைசித் தவணையில் இருக்கிறது. இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் பணம் தராத வாடிக்கையாளர், அந்த இன்வாய்ஸின் வரியைத் தம் வரியில் கழித்து எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரிப் பயனை, பாக்கி நிற்கும் அளவுக்கு வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் விதி. இங்கே அந்த 180ஆம் நாள் நவம்பர் 29. டிசம்பர் தவணையான 59,000க்குள் அடங்கிய வரி 9,000. அதை அவர் திருப்பிக் கட்டி, பணம் கொடுத்த பிறகு மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். சலுகை என்று நினைத்துக் கொடுத்த ஆறாவது மாதம் அவருக்கே வேலையையும் செலவையும் வைத்துவிடுகிறது.

இரண்டாவது கடிதம் ஜூலை 17 அன்று 1,14,000 கேட்கிறது. வரி போக 60,000 பட்டறையின் கையில் நிற்கும். மீதி 2,40,000ஐ ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் 17ஆம் தேதிகளில் 80,000 வீதம் மூன்று பின்தேதியிட்ட காசோலைகளாகப் பெறுகிறது. கடிதத்தின் முக்கியமான பகுதி இப்படி அமையலாம்:

"ஜூன் 2 தேதியிட்ட இன்வாய்ஸுக்குத் தாங்கள் 3,54,000 ரூபாய் தர வேண்டியுள்ளது. அந்த இன்வாய்ஸ் மாற்றமின்றி நிலைக்க, பணம் செலுத்தும் கால அவகாசத்தை மட்டும் கீழ்க்கண்ட தேதிகளின்படி நீட்டிக்கிறோம். எந்தத் தவணையேனும் 7 நாட்களுக்கு மேல் தாமதித்தால், மீதித் தொகை முழுவதும் உடனே செலுத்தப்பட வேண்டியதாகும். இதை ஏற்று, நகலில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்."

'அவகாசத்தை மட்டும்' என்ற சொற்கள் வீணாக எழுதப்பட்டவை அல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புதியது வந்தால் பழையதை நிறைவேற்ற வேண்டியதில்லை. 63ஆம் பிரிவோ பழைய ஒப்பந்தம் நிற்க, காலத்தை மட்டும் நீட்டிக்கவும் இடம் தருகிறது. முதல் கடிதம் இந்த இரண்டில் எதைச் செய்கிறது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால், அதில் பதில் இருக்காது. நகலில் பெறும் கையொப்பம் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகவும் ஆகிறது. வழக்குத் தொடர்வதற்கான மூன்றாண்டுக் காலவரம்பு அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கட்டைவிரல் குறியைப் பதிலாகப் பெற்றுக்கொண்டு திருப்தியடைபவர்கள் இதை யோசிப்பது நல்லது.

ஆயினும் இரண்டாவது கடிதம் எல்லோருக்கும் பொருந்தாது. வாடிக்கையாளரால் ஜூலையில் 75,000 மட்டுமே புரட்ட முடியும் என்றால், 1,14,000 கேட்பது காசோலைகள் திரும்புவதற்கு வழி செய்வதாகும். காசோலை திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பி, அது அவரைச் சேர்ந்த பின் 15 நாட்கள் காத்திருந்து, அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். இத்தகைய வாடிக்கையாளருக்கு, தொகைகளைச் சமமாக வைத்து, ஆறு தவணைகளை ஐந்தாகக் குறைத்து, நவம்பர் 17இல் முடிப்பதே சரி என்பது என் கருத்து. கால நீட்டிப்பு, கையொப்பம் பற்றிய வாசகங்கள் அப்போதும் மாறாமல் இருக்க வேண்டும்.

காசோலை வாங்கியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. செப்டம்பர் தவணையில் 30,000ஐ வாடிக்கையாளர் வங்கிப் பரிமாற்றத்தில் அனுப்பிய பிறகும் 80,000க்கான காசோலையை அப்படியே வங்கியில் போட்டு அது திரும்பினால், குற்றவியல் புகார் நிற்காது. பகுதிப் பணம் வந்திருந்தால் அதைக் காசோலையில் குறித்திருக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அவ்வாறு பணம் வந்த அன்றே பழைய காசோலையைத் திருப்பிக் கொடுத்து, 50,000க்குப் புதியது வாங்கிக்கொள்ளலாம் என்ற ஒரு வரியையும் கடிதத்திலேயே சேர்த்துவிடுவது உத்தமம்.