லேப் மீட்டிங்கை லாக்ல ஏத்துறது: பேசுன வரிசையா, மூணு தலைப்பா, எக்ஸ்பெரிமென்ட் வாரியா?

குரூப் மீட்டிங் முடிஞ்சதும் யாராவது ஒருத்தர் உக்காந்து அதைச் சுருக்கி எல்லாரும் பாக்குற லாக்ல ஏத்தணும். இதை மூணு விதமா பண்றாங்க. யார் என்ன சொன்னாங்கன்னு பேசுன வரிசைலயே எழுதுறது ஒண்ணு. ரிசல்ட், ஃபெயிலியர், அடுத்த வேலைன்னு மூணு தலைப்புல பிரிச்சுப் போடுறது இன்னொண்ணு. மூணாவது, மீட்டிங்கையே மறந்துட்டு ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்ட் நம்பருக்குக் கீழயும் அதுக்கான விஷயத்தைக் கொண்டுபோய் சேக்குறது. ஒரே பேச்சை மூணுலயும் போட்டுப் பாத்தாதான் எது எங்க சொதப்பும்னு தெரியும்.

ஒரு வெஸ்டர்ன் பிளாட்டை எடுத்துக்கலாம், அதாவது புரோட்டீனை ஜெல்ல பிரிச்சு, மெம்பிரேனுக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணி, ஆன்டிபாடி வச்சுத் தேடுறது. தேடுறது 180 கிலோடால்டன் புரோட்டீன். ஓட்டுன பையன், "பேண்டே வரல சார், ஆக்டின் மட்டும் சூப்பரா வந்திருக்கு, ஆன்டிபாடி பழசு, அதுதான் போயிருக்கும்னு நினைக்கிறேன்"ங்கிறான். நடுவுல சீனியர் ஒருத்தங்க "டிரான்ஸ்ஃபர் எவ்ளோ நேரம் விட்ட?"ன்னு கேக்குறாங்க, "ஒரு மணி நேரம்தான்க்கா"ன்னு பதில். அதுக்குள்ள சார் "சரி, புதுசு ஆர்டர் பண்ணிடு"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆள்கிட்ட போயிட்டாரு.

பேசுன வரிசைல எழுதுனா இது அத்தனையும் லாக்ல இருக்கும், அந்த அக்காவோட கேள்வி உட்பட. எழுதுறவருக்கும் சுலபம், மீட்டிங் நடக்கும்போதே முடிச்சிடலாம். ஆனா நாலு மாசம் கழிச்சு இந்த புரோட்டீன் பத்தித் தேடுறவர் பதினஞ்சு மீட்டிங் குறிப்பைப் புரட்டணும், அதுல பாதி எந்த சாம்பிள் எந்த தேதின்னே இல்லாம "அந்த பிளாட்"னு கிடக்கும்.

மூணு தலைப்பு முறை பாக்க ரொம்ப நீட்டா இருக்கும், சாருங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா என் கணக்குல மூணுலயும் ஆபத்தானது இதுதான். மேல உள்ள பேச்சு இதுல எப்படி ஆகும்னா, ஃபெயிலியர்: ஆன்டிபாடி பழசானதால பேண்ட் வரல, அடுத்து: புது ஆன்டிபாடி. அவ்ளோதான். "நினைக்கிறேன்"னு அவன் சொன்னது காணோம், யூகம் காரணமா மாறிடுச்சு, டிரான்ஸ்ஃபர் கேள்வி எந்தத் தலைப்புலயும் உக்காராததால விழுந்துடுச்சு. ஆனா அந்தக் கேள்விதான் முக்கியம். ஆக்டின் வெறும் 42 கிலோடால்டன், அது மெம்பிரேனுக்கு சட்டுனு வந்துடும், 180 மெதுவாதான் நகரும். அதனால ஆக்டின் வந்திருக்குன்னு சொல்லி பெரிய புரோட்டீனும் ஏறியிருக்கும்னு நம்ப முடியாது, புது ஆன்டிபாடி வந்தாலும் அதே வெள்ளை பிளாட்தான் கிடைக்கலாம்.

இன்னொரு சிக்கல், "வரல"ங்கிறது ஃபெயிலியரா ரிசல்ட்டாங்கிறதே இங்க முடிவாகல. அந்த புரோட்டீன் நிச்சயமா இருக்குற ஒரு செல் லைசேட்டையும் அதே ஜெல்ல ஓட்டி, அதுலயும் பேண்ட் இல்லன்னா முறைல கோளாறு, அது ஃபெயிலியர். அதுல வந்து நம்ம சாம்பிள்ல மட்டும் வரலன்னா, அந்த புரோட்டீன் அதுல இல்ல, இல்லன்னா கண்டுபிடிக்கிற அளவுக்குக் கீழ இருக்குன்னு அர்த்தம், அது சுத்தமான ரிசல்ட். தலைப்பு பிரிக்கும்போது இதைக் கேக்காம எல்லா "வரல"வையும் ஃபெயிலியர்ல தள்ளிட்டா, பேப்பர்ல போடவேண்டிய விஷயமே குப்பைல போயிடும்.

எக்ஸ்பெரிமென்ட் வாரியா எழுதுனா இப்படி வரும்:

```
WB-031
பார்த்தது: 180-ல் பேண்ட் இல்லை, ஆக்டின் (42) உண்டு
கண்ட்ரோல்: பாசிட்டிவ் லைசேட் ஓட்டவில்லை
நிலை: முடிவு சொல்ல முடியாது
யூகம்: ஆன்டிபாடி பழசு / டிரான்ஸ்ஃபர் 1 மணி போதவில்லை
அடுத்து: WB-032, பாசிட்டிவ் லைசேட்டோடு, 30 V, இரவு முழுக்க, 4 °C
ஆன்டிபாடி ஆர்டர்: சார் சொன்னது, WB-032 பார்த்த பிறகு?
```

இங்க "கண்ட்ரோல்"ங்கிற வரிதான் வேலையைச் செய்யுது, அதை நிரப்பப் போனாலே லைசேட் ஓட்டலங்கிறது வெளில வந்துடும். ரிசல்ட், ஃபெயிலியர் ரெண்டுலயும் சேராத "முடிவு சொல்ல முடியாது"க்கும் இடம் இருக்கு. சார் சொன்னதை மாத்தாம, பக்கத்துல ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கு பாருங்க, சுருக்குறவர் தானா முடிவெடுக்கக் கூடாது, ஆனா கேக்கலாம்.

இதுக்கும் குறை உண்டு. நேரம் அதிகம் பிடிக்கும், மீட்டிங்ல வாய் திறந்து "இது எந்த நம்பர், கண்ட்ரோல் என்னாச்சு"ன்னு குறுக்க கேக்குற ஆள் வேணும், புதுசா சேந்தவங்களுக்கு அது கூச்சமா இருக்கும். ஃப்ரீசர் அலாரம் அடிக்குது, யாரோ டிரிஸ் பஃபரைக் காலி பண்ணிட்டு சொல்லலங்கிற மாதிரி விஷயத்துக்கு எந்த நம்பரும் கிடையாது. அதுக்கு மட்டும் பேசுன வரிசைக் குறிப்பு ஒண்ணு தேதி போட்டு வச்சுக்கலாம். மூணு தலைப்புச் சுருக்கம் சாருக்குக் கட்டாயம் வேணும்னா, நம்பர் வாரியா எழுதி முடிச்சப்புறம் அதுலருந்து எடுத்துக் கொடுங்க, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் WB-031 மாதிரி நம்பரைப் போட்டு.