முட்டை கவிச்சியோடு நான்கு வருடம்: எது போனது, எது போகவில்லை

எங்கள் வீட்டில் முட்டை தொடாத ஒரே ஆள் அத்தை, அதாவது என் மாமியார். தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டு போவார், அப்படியே கீழே வைத்துவிட்டு "இதுல முட்டை அடிச்சியாம்மா?" என்பார். பெரும்பாலும் அந்த டம்ளரில் முட்டை அடித்திருக்கவே மாட்டேன். பிள்ளைகளுக்கு வாரம் நான்கு நாள் டிபன் பாக்ஸில் முட்டைதான், சமையலறையில் ஒரே சிங்க்தான். இந்த நான்கு வருடத்தில் நான் செய்து பார்த்த எல்லாவற்றுக்கும் பரிசோதனைக்கூடம் அத்தையின் மூக்கு. அதில் தேறியதை மட்டும்தான் இங்கே நல்லது என்று சொல்கிறேன்.

முதல் ஒரு வருடம் நான் செய்த தப்பு வெந்நீர். எண்ணெய்ப் பாத்திரத்துக்கு வெந்நீர் நல்லதென்றால் முட்டைக்கும் நல்லதுதானே என்று, ஆம்லெட்டுக்கு அடித்த கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவேன். சுமார் 60 டிகிரி சூட்டிலேயே முட்டையின் வெள்ளைக்கரு இறுக ஆரம்பித்துவிடும். கிண்ணத்தில் மெலிதாக ஒட்டியிருப்பதும் அப்படியே வெந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் பிடித்துக்கொள்ளும். கழுவின பிறகு சுத்தமாகத்தான் இருக்கும், ஈரம் காய்ந்ததும் விரலால் தடவிப் பார்த்தால் லேசாக வழவழப்பு தெரியும். கவிச்சி இருப்பது அதில்தான். இப்போது பச்சை முட்டை பட்ட எதுவாக இருந்தாலும் முதலில் குழாய்த் தண்ணீரில் விரலால் தேய்த்து அலசிவிட்டு, அதற்கப்புறம்தான் சோப்பு, கடைசியில் வேண்டுமானால் வெந்நீர். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்தது, காசு செலவும் இல்லை.

மீதிப் பாதி எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க இன்னும் ஆறு மாதம் ஆனது. ஸ்பாஞ்ச்! முட்டைக் கிண்ணத்தைத் தேய்த்த அதே ஸ்பாஞ்சால் அடுத்து டம்ளரைத் தேய்த்தால், அந்தப் படலத்தை நாமே டம்ளருக்குப் பூசிவிடுகிறோம். அத்தை சொன்னது பொய்யே இல்லை, நான்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது முட்டைப் பாத்திரத்துக்கென்று தேங்காய் நார் ஒரு பிடி தனியாக வைத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுத்துக்கொள்கிறேன். டம்ளர்களை முதலில் கழுவி ஒதுக்கிவிட்டு முட்டைப் பாத்திரத்தைக் கடைசியில் எடுப்பதும் பழக்கமாகிவிட்டது.

இத்தனைக்கும் மேலே வாடை நின்றால் கடலை மாவு. ஒரு ஸ்பூன் மாவை உலர்ந்தபடியே பாத்திரத்தில் போட்டு, துளி தண்ணீர் தெளித்து நாரால் தேய்த்தால், மஞ்சள் கரு விட்டுப்போன எண்ணெய்ப் பசையை மாவு இழுத்துக்கொள்ளும். புளியும் நன்றாகவே வேலை செய்கிறது, ரசத்துக்குக் கரைத்த சக்கையே போதும். ஆனால் புளி, எலுமிச்சை இரண்டையும் முட்டைப் பசை போன பிறகுதான் எடுக்க வேண்டும். பச்சை முட்டை மேலேயே புளிப்பைப் போட்டால் அதுவும் லேசாகத் திரிந்து பிடிக்கிறது, கண்ணாடிக் கிண்ணத்தில் செய்து பார்த்தால் வெள்ளையாகத் தெரியும். வினிகரையும் ஆப்ப சோடாவையும் சேர்த்து நுரைக்க விடும் வீடியோக்களைப் பார்த்து நானும் செய்தேன். ஒன்றை ஒன்று முறித்துக்கொள்வதுதான் மிச்சம், நுரை அடங்கினால் பெரும்பாலும் வெறும் உப்புத் தண்ணீர்தான்.

கைக்குப் பெரிய வைத்தியம் எதுவும் தேவைப்படவில்லை. குளிர்ந்த தண்ணீர், பிறகு சோப்பு, அதற்குப் பிறகும் விரலில் வாடை இருந்தால் கல் உப்போடு பிழிந்த எலுமிச்சை மூடி. நகக்கண்ணிலும் மோதிரத்தின் அடியிலும்தான் அது ஒளிந்துகொள்ளும், மோதிரத்தைக் கழற்றாமல் கையை நூறு தடவை கழுவினாலும் பிரயோஜனம் இல்லை. ஃபில்டரில் மிஞ்சும் காபி மண்டியைத் தேய்த்தால் காபி வாசம் மேலே நிற்கும், அரைமணி நேரம் கழித்துப் பழையபடி கவிச்சி எட்டிப் பார்க்கும். ஸ்டீல் கரண்டியில் கையைத் தேய்த்தால் போகும் என்பார்கள், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பச்சை முட்டையைத் தொட்ட கைக்கு எலுமிச்சை சோப்புக்குப் பதிலாகாது, கிருமி விஷயம் வேறு.

டிபன் பாக்ஸ்தான் என்னை ரொம்பப் படுத்தியது. ஸ்டீல் டப்பாவில் வாடை நிற்காது, மூடியில்தான். மூடியின் உள்பக்கம் ஓடும் சிலிகான் வளையத்தை ஒருநாள் ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்துப் பார்த்தேன், பள்ளத்தில் வரிசையாக மஞ்சள் துணுக்கு, பழுப்புப் பிசுக்கு. எத்தனை மாதத்து முட்டையோ. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை வளையத்தைக் கழற்றி, பாதி வினிகர் பாதி தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளத்தைத் தேய்த்து, வெயிலில் ஒருமணி நேரம் காயவிடுகிறேன். ராத்திரி மூடியை மூடி வைப்பதே இல்லை, ஈரத்தோடு மூடினால் காலையில் திறக்கும்போது முகத்தில் அடிக்கும். சூடான முட்டையை வைத்து உடனே மூடுவதும் அப்படித்தான், ஆவி வளையத்தில் போய் இறங்கும். முட்டையை ரொம்ப நேரம் வேகவிட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வருமே, அந்த முட்டைக்கு வாடையும் கூடுதல், கந்தக வாயுதான் காரணம். தண்ணீர் கொதித்த பின் முட்டையைப் போட்டு 9 அல்லது 10 நிமிடத்தில் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட ஆரம்பித்தபின் பையனின் வகுப்பில் மூக்கைப் பொத்துவது நின்றது. மலிவாக வாங்கிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மட்டும் எதுவுமே பலிக்கவில்லை, இப்போது அதில் துணி கிளிப் கிடக்கிறது.

இனி கருகல். போன பொங்கலன்று ஃபோன் பேசிக்கொண்டே பொடிமாஸைக் கருக்கினேன், ஸ்டீல் வாணலியில் அடிமுழுக்கக் கருப்பு. சூட்டோடு குழாயில் காட்டவில்லை, காட்டினால் அடி வளைந்துவிடும். ஆறவிட்டு, கருகல் மூழ்கும் அளவு தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவும் போட்டு, சின்னத் தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். ஏற்கெனவே வெந்து போனதுதானே, இங்கே வெந்நீருக்குப் பயப்பட வேண்டாம். ஓரங்கள் சுருண்டு எழும்பியதும் அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டில் மரக்கரண்டியால் தள்ளினால் தகடு தகடாக வந்தது. நடுவில் நின்ற ஒரு ரூபாய் அளவு கறைக்கு, சோடாவைக் குழைத்து அப்பி ஒரு மணி நேரம் விட வேண்டியிருந்தது.

இதையே அலுமினியப் பாத்திரத்தில் செய்யாதீர்கள், சோடா அதைக் கருக்கடித்துவிடும். அதற்குப் புளித்தண்ணீரைக் கொதிக்க வைப்பதுதான் சரி. இரும்புத் தோசைக்கல்லை ஊறவே வைக்கக் கூடாது. இளஞ்சூட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சட்டுவத்தால் சுரண்டி, கல் உப்பைப் போட்டுத் துணியால் தேய்த்துத் துடைத்து, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து எண்ணெய் தடவிவிடுவேன். தேய்த்த துணி கருப்பாக வருவது பழக்கிய எண்ணெய்ப் பூச்சு என்றால் பரவாயில்லை, ஆரஞ்சு நிறத்தில் வந்தால் துரு. நான்ஸ்டிக்குக்கு வெந்நீரும் சோப்பும் ஊற்றி ஒருமணி நேரம் விட்டு மெத்தென்ற ஸ்பாஞ்ச், அவ்வளவுதான். கம்பி நாரை எடுத்த ஒரே நாளில் என் நான்ஸ்டிக் தவாவில் கீறல் விழுந்தது, அந்தக் கீறலில்தான் அப்புறம் ஒவ்வொரு ஆம்லெட்டும் ஒட்டியது. கடைசியில் அது போய், இப்போது ஆம்லெட் இரும்புக் கல்லில்தான். அத்தையின் தோசைக்கு அவர் தனியாக ஒரு கல் வாங்கிக்கொண்டார்.