பனியன் துணியால் தலை துவட்டிய மூன்று ஆண்டுகள்

என் முடி இடைக்குச் சற்று மேல் வரை வரும். நேர்முடியும் இல்லை, சுருள்முடியும் இல்லை; நனைந்திருக்கும்போது காதுக்குக் கீழிருந்து வளைந்து வளைந்து இறங்கும் அலைமுடி. குளித்துவிட்டு வரும்போது அழகாக இருக்கும் அந்த அலைகள், துவட்டி முடித்துக் காய்ந்த பிறகு இழை இழையாகப் பிரிந்து பறட்டையாக நிற்கும். உச்சியில் இரண்டு விரல் நீளத்துக்குக் குட்டை முடிகள் எழும்பி நிற்பதை, புதிதாக முளைக்கும் முடி என்று நினைத்துப் பல ஆண்டுகள் மகிழ்ந்திருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் முளைத்தவை அல்ல, அறுந்தவை என்று பின்னர்தான் தெரிந்தது. புதிய முடியின் நுனி ஊசிபோல மெலிந்து முடியும். அறுந்த முடியின் நுனி மொட்டையாகவோ பிசிறாகவோ இருக்கும். ஒரு கறுப்பு முடியை வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

நான் அதுவரை துவட்டிய விதம் எங்கள் வீட்டில் எல்லாரும் செய்வதுதான். தடித்த டர்க்கி டவலால் தலையைப் பரபரவென்று தேய்ப்பது, பிறகு குனிந்து முடியை முன்னே தள்ளி டவலால் சுளீரென்று அடித்துத் தண்ணீரை உதறுவது, கடைசியில் டவலோடு சேர்த்து முறுக்கிக் கொண்டையாகச் சுற்றி அரை மணி நேரம் வேலை பார்ப்பது. இந்த மூன்றையும் நான் நிறுத்தியதற்குக் காரணம் யாரும் சொன்ன அறிவுரை அல்ல. ஒரு வெள்ளை வேட்டி. ஒரு மாதம், தலைக்குக் குளிக்கும் நாள்களில் தரையில் வேட்டியை விரித்து அதன்மேல் நின்று துவட்டினேன். விழுந்த முடிகளைப் பொறுக்கி, ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் உள்ளவற்றை ஒரு பக்கமும் இல்லாதவற்றை இன்னொரு பக்கமும் வைத்தேன். குமிழ் இருந்தால் அது தன் காலம் முடிந்து வேரோடு உதிர்ந்த முடி. அதற்கும் துவட்டலுக்கும் சம்பந்தம் குறைவு. குமிழ் இல்லாத துண்டு முடிகள் அறுந்தவை. நான்கு வாரமும் இரண்டாவது குவியல்தான் பெரிதாக இருந்தது.

நனைந்த முடி ஏன் இவ்வளவு எளிதில் அறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் துணியை மாற்றுவதன் பொருள் விளங்கும். முடியின் மேற்புறம் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய மெல்லிய தகடுகளால் மூடப்பட்டிருக்கிறது. அவற்றின் விளிம்புகள் எல்லாம் நுனியை நோக்கியிருக்கும். முடி தண்ணீரில் ஊறும்போது தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீரை உறிஞ்சிப் பருக்கிறது, செதில்களின் விளிம்பும் சற்றே தூக்கிக்கொள்கிறது. அதே நேரத்தில் முடிக்குள் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீரால் விடுபடுவதால், முடி வழக்கத்தைவிட அதிகமாக இழுபடும், குறைந்த விசைக்கே சேதமும் ஆகும். இந்த நிலையில், சிறு சிறு நூல் வளையங்கள் நிற்கும் டர்க்கி டவலை முன்னும் பின்னுமாகத் தேய்த்தால், செதிலுக்கு எதிர்த்திசையில் போகும் ஒவ்வொரு தேய்ப்பும் எங்கேயாவது மாட்டி இழுக்கும். அலைமுடிக்கு இன்னொரு நட்டமும் உண்டு. காயும்போது அந்தப் பிணைப்புகள் திரும்பச் சேர்வதால், எந்த வடிவத்தில் இருக்கும்போது முடி காய்கிறதோ அந்த வடிவம் நிற்கிறது. ஒன்றாகச் சேர்ந்து வளைந்திருக்கும் முடிக்கற்றைகளைத் தேய்த்துக் கலைத்துவிட்டால், கலைந்த வடிவமே காய்ந்து நின்றுவிடும். பறட்டை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இப்படி வருவதுதான்.

நான் தேர்ந்தெடுத்தது பனியன் துணி. அப்பாவின் பழைய அரைக்கை பருத்தி பனியன்கள் இரண்டை எடுத்து, கை, கழுத்துப்பட்டி, பக்கத் தையல் எல்லாவற்றையும் வெட்டி நீக்கி விரித்துக்கொண்டேன். தையலை நீக்குவது அவசியம், ஏனெனில் அந்தத் தடிப்பில்தான் முடி மாட்டும்; படம் அச்சிட்ட டீ-ஷர்ட்டும் வேண்டாம், அச்சு உள்ள இடம் நீரை உறிஞ்சாது. பனியன் பின்னப்படும் துணி. அதன் நூல் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் படுத்திருப்பதால் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும், இழுத்தால் கொடுக்கும். டர்க்கி டவலின் அளவுக்கு நீரை வாங்காது என்பது அதன் குறை. அதனால்தான் என் நீளத்துக்கு இரண்டு துண்டுகள் தேவைப்படுகின்றன.

என் முறை இதுதான். கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்துவிடுவேன், துவட்டிய பிறகு சீப்பைத் தொடுவதில்லை. அலசி முடித்ததும் குளியலறையிலேயே, முடியை முறுக்காமல், கைப்பிடிக்குள் வைத்து மேலிருந்து கீழாக அமுக்கி நீரை இறக்குவேன். ஒழுகும் நீரில் பெரும்பகுதி இங்கேயே போய்விட வேண்டும். அதன் பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்து, முதல் துணியை உள்ளங்கையில் விரித்து, நுனி அதில் தானாக மடிந்து விழுமாறு ஏந்தி, உச்சியை நோக்கி உயர்த்தி, பத்து எண்ணும்வரை அமுக்கிப் பிடித்து விடுவேன். துணி முடியின்மேல் நகரவே கூடாது. பஞ்சால் ஒற்றி எடுப்பது போன்ற செயல் இது. தலையைச் சுற்றி ஐந்தாறு இடங்களில் இப்படிச் செய்தால் முதல் துணி கனத்துவிடும். அப்போது காய்ந்த இரண்டாவது துணியை எடுத்துத் தலையில் தளர்வாகச் சுற்றிக்கொண்டு பதினைந்து நிமிடம் விட்டுவிடுவேன்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் முதல் சில மாதங்கள் தவறினேன். இன்னும் கொஞ்சம் உலர்த்தினால் என்ன என்று திரும்பத் திரும்ப அமுக்கியபோது, கற்றைகள் உடைந்து பழைய பறட்டையே வந்தது. அரை மணிக்கு மேல் சுற்றி வைத்தபோது உச்சி முடி படிந்துபோய், காதருகே முடி தப்பான இடத்தில் மடிந்து காய்ந்தது. இப்போது எனக்கு ஒரு கணக்கு உண்டு: கற்றையைப் பிடித்து லேசாக அமுக்கினால் நீர் சொட்டக் கூடாது, ஆனால் கைக்குக் குளிர்ச்சியாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். அந்த நிலையில் துணியை எடுத்துவிட்டு, முழுவதும் காயும்வரை கை வைக்காமல் விட்டால் அலைகள் நிற்கின்றன.

இந்த மாற்றத்தை வீட்டில் எளிதாக ஏற்கவில்லை. “ஏண்டி, தலையை இப்படி அரைகுறையா துவட்டினா நீர் கோத்துக்காதா?” என்று அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்டார். அவர் கவலையில் நியாயம் இருந்ததை நான் பிறகு உணர்ந்தேன். ஒற்றி எடுக்கும் முறையில் முடியின் நீளம் நன்றாக இருந்தாலும், உச்சந்தலையின் தோல் மணிக்கணக்கில் ஈரமாகவே இருந்து, இரண்டாவது மாதத்தில் அரிப்பு வந்தது. அதற்குக் கண்ட வழி, தோலையும் முடியையும் தனித்தனியாகத் துவட்டுவது. மெல்லிய ஈரிழைத் துண்டின் ஒரு மூலையை விரல் நுனிகளில் சுற்றி, வகிடு வகிடாகப் பிரித்து, முடியின் அடியில் தோலைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறேன். ஈரிழைத் துண்டில் டர்க்கி டவலைப்போல நூல் வளையம் நிற்பதில்லை, தண்ணீரையும் சட்டென்று வாங்கும். அரிப்பு நின்றது, அம்மாவும் சமாதானம் ஆனார். முடியை நாள் முழுவதும் ஈரத்தில் வைப்பதும் நல்லதல்ல என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. 2011-இல் வெளிவந்த ஒரு கொரிய ஆய்வில், 15 செ.மீ. தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே டிரையரால் உலர்த்திய முடியைவிட, தானாகக் காயவிட்ட முடியில் உட்செல்களை ஒட்டவைக்கும் படலம் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தது. ஆகவே மழைக்காலத்தில், ஒற்றிய பிறகு அந்தத் தூரத்தில் மிதமான சூட்டில் டிரையர் பிடிக்க நான் தயங்குவதில்லை.

இடையில் எட்டு மாதம் மைக்ரோஃபைபர் துண்டும் பயன்படுத்தினேன். நீரை வாங்கும் வேகத்தில் பனியன் அதற்கு ஈடாகாது. தடித்த, நெருக்கமான முடி உள்ளவர்களுக்கு அதுவே பொருத்தமாக இருக்கலாம். என் மெல்லிய முடிக்கு அந்த வேகமே பிரச்சினையானது. இரண்டு முறை அமுக்குவதற்குள் நீர் அளவுக்கு மேல் போய்க் கற்றைகள் பிரிந்தன. பாத்திரம் தேய்த்து விரல் தோல் வறண்டிருக்கும் நாள்களில் அந்தத் துணி கையிலேயே மாட்டி உரசும், கையில் மாட்டும் துணி முடியிலும் மாட்டும். பின்பு ஒரு நாள் மற்றத் துணிகளோடு சேர்த்து, துணியை மிருதுவாக்கும் திரவத்தில் அலசியதால் அதன் இழைகளில் படலம் படிந்து, தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக நின்றது. அதன் பிறகு அதைக் கைவிட்டேன். பனியன் துணிக்கும் அந்தத் திரவம் ஆகாது. எண்ணெய்க் குளியல் முடிந்த நாளில் மட்டும் துணியைச் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தனியாகத் துவைக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் பிடித்துச் சிக்கு வாடை வரும்.

பலன் மெதுவாகத்தான் தெரிந்தது. பறட்டை இரண்டாவது வாரத்திலேயே குறைந்தது, ஆனால் உச்சியின் அறுந்த முடிகள் மாதத்துக்கு ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமாகத்தான் வளரும் என்பதால், அவை மற்ற முடியோடு படிய ஓராண்டுக்கு மேல் ஆனது. ஏற்கெனவே பிளந்திருந்த நுனிகளை எந்தத் துணியும் ஒட்டவில்லை; இரண்டு முறை மூன்று அங்குலம் வெட்டிய பிறகே நுனி சீரானது. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் அதே வேட்டியை விரித்து மறுபடி ஒரு மாதம் பார்த்தேன். குமிழோடு விழுந்த முடிகள் ஏறத்தாழ பழைய அளவே இருந்தன. துண்டு முடிகள் ஒரு குளியலுக்கு நான்கைந்துக்கு மேல் இல்லை. முடி உதிர்வு நிற்கும் என்று எதிர்பார்த்து இதைத் தொடங்குபவர்கள் ஏமாறுவார்கள், இது அறுபடுதலைத்தான் குறைக்கிறது.

சென்னையில் இருப்பதால் இன்னும் இரண்டு விஷயங்களில் துணிக்கு எல்லை உண்டு. கோடையில் லாரித் தண்ணீரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் மாறி மாறி வரும்போது, உப்பு அதிகமான நீரில் அலசிய முடி எப்படித் துவட்டினாலும் சொரசொரப்பாகவே காய்கிறது. அந்த மாதங்களில் கடைசிக் குவளையை மட்டும் வடிகட்டிய குடிநீரால் ஊற்றுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரமே காய்ந்த முடிக்குள் ஏறி வடிவத்தைக் கலைப்பதால், காலையில் நின்ற அலை பிற்பகலில் பொங்கிவிடுகிறது. அப்போது காயும் முன்பே உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயைத் தேய்த்து நுனிப் பாதியில் மட்டும் அமுக்கிவிட்டு, தளர்வாகப் பின்னிக்கொள்கிறேன்.

இப்போது பயன்படுத்துவது நான்காவது சோடித் துணி. ஒரு சோடி பத்து மாதம், மிஞ்சினால் ஓராண்டு வரும். பரப்பில் சிறு சிறு நூல் உருண்டைகள் தோன்றி, காய்ந்த துணியைப் புறங்கையில் இழுக்கும்போது சொரசொரத்தால், அது தரை துடைக்கப் போய்விடும்.